வட்ட முத்திரைக்குள் என்ன இருக்கிறது?

(சாதி மறுப்புத் திருமணம் செய்துகொள்ளும் இணையர்களுக்குத் துணை நிற்கும் நண்பர்களுக்கான ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வழக்கறிஞர் இல்லை. முனைவர் பட்ட ஆய்வு மாணவன். ஆவணங்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன் என்பதாலும், நண்பர்களுக்காகக் காவல் நிலையத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் சில முறை அலைந்திருக்கிறேன் என்பதாலும் என்னை இங்கே பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேச வேண்டிய பொருள் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். நோட்டரியின் வட்ட முத்திரை.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பிஎச்.டி. சேர்ந்தபோது ஓர் அபிடவிட் கேட்டார்கள். நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் முத்திரைத்தாளில் டைப் அடித்துக் கொடுத்தார், கையெழுத்துப் போட்டேன். கடைப் பையன் அதை வாங்கிக்கொண்டு எங்கேயோ ஓடினான். டீ குடித்து முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டான். தாளில் வட்ட முத்திரை, ஒரு கையெழுத்து, அதற்கு மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்த வரியின் பொருள்: "என் முன்னிலையில் உறுதிமொழி கூறிக் கையொப்பமிட்டார்." யார் முன்னிலையில்? அந்த நோட்டரியின் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆக, என் வாழ்க்கையின் முதல் நோட்டரி ஆவணத்தில் உண்மையல்லாத ஒரே வரி நோட்டரி எழுதிய வரிதான். நான் எழுதியதெல்லாம் உண்மை.

அன்றைக்கு அது எனக்குச் சிரிப்பாக இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே மாதிரி ஒரு தாளை ஒரு காவல் நிலையத்தில் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

அந்தத் தாளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். அந்தப் பெண்ணும் பையனும் இப்போது வேறு ஊரில் இருக்கிறார்கள். பெயர், ஊர் எதுவும் சொல்ல மாட்டேன். பெண்ணுக்கு 22 வயது, பையனுக்கு 25. இருவேறு சாதி. பெண் வீட்டில் மாப்பிள்ளை பார்த்து நாள் குறித்துவிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் ஏதாவது செய்ய வேண்டும். பதிவுத் திருமணம் என்று விசாரித்திருக்கிறார்கள். தனிச் சிறப்புத் திருமணச் சட்டம் என்றால் 30 நாள் நோட்டீஸ், அதை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள் என்று தெரிந்ததும் அந்தப் பக்கமே போகவில்லை. ஊரில் யாராவது ஒருவர் அந்தப் பலகையைப் பார்த்தால் போதும் என்பது அவர்களுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

அப்போது ஓர் இடைத்தரகர் சொல்லியிருக்கிறார்: "நோட்டரி கல்யாணம் பண்ணிக்கலாம் தம்பி, அரை மணி நேர வேலை, கவர்மென்ட் முத்திரை விழுந்துடும், அப்புறம் ஒருத்தனும் கை வைக்க முடியாது." எட்டாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார். 100 ரூபாய் முத்திரைத்தாளில் "திருமண ஒப்பந்தம்" என்று தலைப்புப் போட்டு, நாங்கள் இருவரும் கணவன் மனைவியாக வாழச் சம்மதிக்கிறோம் என்று எழுதி, இரண்டு பேரின் போட்டோவை ஒட்டி, போட்டோ மேலேயே வட்ட முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. மாலை மாற்றவில்லை. சாட்சி யாரும் இல்லை. நோட்டரியையும் பார்க்கவில்லை. எல்லாம் கடையிலேயே முடிந்துவிட்டது.

மறுநாள் பெண் வீட்டார் "மகளைக் காணவில்லை" என்று புகார் கொடுத்துவிட்டார்கள். இருவரும் தாங்களாகவே காவல் நிலையம் போய் அந்தத் தாளை நீட்டினார்கள். ஆய்வாளர் அதைப் படித்துவிட்டுச் சொன்னது: "இது கல்யாணமே இல்லம்மா. வெறும் பேப்பர். நீ வீட்டுக்குப் போ." வெளியே பெண்ணின் சித்தப்பாவும் இன்னும் நான்கு பேரும் வண்டியோடு நின்றிருந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். ஆய்வாளர் சொன்னதில் ஒரு பாதி சரி, ஒரு பாதி மோசமான தவறு. அது எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள, நோட்டரி உண்மையில் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும்.

இந்தியாவில் நோட்டரிகளுக்கென்று 1952ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம் இருக்கிறது. அதற்கான விதிகள் 1956இல் வந்தன. அரசுத் தமிழில் இவரைச் "சான்றுறுதி அலுவலர்" என்கிறார்கள். பெயரில் அலுவலர் இருக்கிறதே தவிர, அரசுச் சம்பளம் வாங்கும் அதிகாரி இல்லை. மத்திய அரசோ மாநில அரசோ நியமித்த ஒரு வழக்கறிஞர், அவ்வளவுதான். பத்து ஆண்டு வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர்களுக்கும் பெண்களுக்கும் ஏழு ஆண்டு போதும் என்று விதியிலேயே இருக்கிறது. (இதை நம் இளம் வழக்கறிஞர்கள் பலருக்கே நான் சொல்லித்தான் தெரிந்தது. விண்ணப்பியுங்கள், தோழர்களே.)

சட்டத்தின் 8ஆவது பிரிவு நோட்டரி என்னென்ன செய்யலாம் என்று பட்டியல் போடுகிறது. அதில் நமக்கு வேண்டியவை இரண்டு. ஓர் ஆவணத்தில் ஒருவர் கையெழுத்திட்டதற்குச் சான்றளிப்பது ஒன்று. உறுதிமொழி வாங்கி அபிடவிட் பெறுவது இன்னொன்று. இரண்டிலுமே நோட்டரி பார்ப்பது தாளை அல்ல, ஆளை. எதிரில் நிற்பவர் தான் யார் என்று சொல்கிறாரோ அவர்தானா, அதற்கு என்ன அடையாளம்? அவர் தன் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டாரா? எழுதியிருப்பது என்னவென்று அவருக்குத் தெரியுமா? அபிடவிட்டாக இருந்தால், இது உண்மை என்று உறுதி கூறினாரா? இவ்வளவுதான். முத்திரை சொல்வது இவ்வளவுதான்.

உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்று நோட்டரி விசாரிப்பதில்லை, விசாரிக்க அவருக்கு அதிகாரமும் இல்லை. நான் ஓர் அபிடவிட்டில் "மெரினா கடற்கரை எனக்குச் சொந்தம்" என்று எழுதி, நேரில் போய், ஆதாரைக் காட்டி, உறுதி கூறிக் கையெழுத்துப் போட்டால், நோட்டரி முத்திரை குத்தியதும் மெரினா எனக்குச் சொந்தமாகிவிடாது. "இன்ன ஆள், இன்ன தேதியில், என் எதிரில் வந்து, இப்படிச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்" என்பதற்கு மட்டும் அது சாட்சி. பொய் சொன்னதற்கான தண்டனை எனக்குத்தான் வரும். உள்ளடக்கத்தின் பொறுப்பு எப்போதும் கையெழுத்துப் போட்டவர் தலையில்தான் இருக்கிறது.

இதில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் நிலைமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கைரேகை வைக்கும் ஒருவருக்கு, தாளில் உள்ளதை அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டி, புரிந்துகொண்டாரா என்று கேட்ட பிறகுதான் ரேகை வாங்க வேண்டும், அப்படிச் செய்ததைத் தாளிலும் எழுத வேண்டும். நம் பாட்டிகளிடம் ஆங்கிலத்தில் அடித்த தாளைக் கொடுத்து, "இங்கே வை ஆத்தா" என்று ரேகை வாங்கி எத்தனை இடம் கைமாறியிருக்கிறது! அந்தத் தாள்களிலும் வட்ட முத்திரை இருந்திருக்கும். பாட்டி எதிரே வந்து நின்றாரா, என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்ததா என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

சரி, திருமணத்துக்கு வருவோம். நோட்டரி திருமண அலுவலர் இல்லை. திருமணம் செய்து வைக்கவோ, மணவிலக்குக் கொடுக்கவோ, திருமணச் சான்றிதழ் தரவோ அவருக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை. 2024 அக்டோபரில் மத்திய அரசின் சட்ட விவகாரத் துறை ஒரு குறிப்பாணை வெளியிட்டது. நோட்டரிகள் திருமணத்துக்கும் மணவிலக்குக்கும் பத்திரம் எழுதித் தருவது கூடாது, மீறினால் அது தொழில்முறைத் தவறு என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே "இந்தத் தாள் திருமணம் இல்லை" என்று ஆய்வாளர் சொன்ன பாதி சரி.

"அதனால் வீட்டுக்குப் போ" என்ற அடுத்த பாதிதான் தவறு. 22 வயதுப் பெண் யாரோடு எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய அவளுக்குத் தாள் எதுவும் தேவையில்லை. திருமணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் அவள் மேஜர். காணவில்லை என்று புகார் வந்தால் அவளிடம் வாக்குமூலம் வாங்கி, அவள் விருப்பத்தோடுதான் போனாள் என்றால் புகாரை முடிக்க வேண்டும். வயது வந்த இருவர் தம் துணையைத் தேர்ந்துகொள்வதில் குடும்பத்துக்கோ ஊருக்கோ தலையிட உரிமையில்லை என்று சக்தி வாகினி வழக்கில் 2018இல் உச்சநீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மிரட்டலுக்கு ஆளாகும் இணையருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டிய கடமையையும் காவல்துறை மீது வைத்திருக்கிறது. எங்களோடு வந்திருந்த வழக்கறிஞர் அக்கா இதைத்தான் பேசினார். நோட்டரித் தாளை அவர் கையில்கூட எடுக்கவில்லை. பெண்ணின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்து, "சார், முதல்ல பிறந்த தேதியைப் பாருங்க" என்றார். அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது அந்தப் பிறந்த தேதியும் அவளுடைய வாக்குமூலமும்தான்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம்மில் பலர் தாளை முன்னால் நீட்டிவிட்டு, ஆளைப் பின்னால் நிறுத்துகிறோம். தாள் பலவீனமாக இருந்தால் எதிர்த்தரப்பு தாளோடு சண்டை போட்டு ஜெயித்துவிடும். "கல்யாணம் செல்லாது" என்பதை "பெண்ணுக்கு உரிமை கிடையாது" என்று மாற்றிவிடும்.

பிறகு அவர்கள் உண்மையிலேயே திருமணம் செய்துகொண்டார்கள். அது எப்படி என்பதுதான் இதில் வேடிக்கை. அவர்கள் தேடி அலைந்த அரை மணி நேரத் திருமணத்துக்குத் தமிழ்நாட்டில் ஏற்கனவே சட்டம் இருக்கிறது. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் கொண்டுவந்த திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு. சுயமரியாதைத் திருமணத்துக்கான பிரிவு. இருவரும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் வருபவர்களாக இருக்க வேண்டும். பௌத்தர், சமணர், சீக்கியரும் அதில் அடக்கம். உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், ஒருவரை ஒருவர் துணையாக ஏற்கிறேன் என்று தமக்குப் புரியும் மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஏதாவது ஒன்று. புரோகிதர் வேண்டாம், மண்டபம் வேண்டாம், நோட்டரியும் வேண்டாம். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும், ஏற்கனவே துணை இருக்கக் கூடாது என்பது போன்ற பொதுவான நிபந்தனைகள் மட்டும் உண்டு.

வழக்கறிஞர் அறையில் ரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2014இல் ஒரு தீர்ப்பில் சொல்லியிருந்தது. இளவரசன் என்பவர் தொடுத்த வழக்கில் 2023 ஆகஸ்ட் மாதம் உச்சநீதிமன்றம் அந்தக் கருத்தை மாற்றியது. எதிர்ப்புக்கும் ஆபத்துக்கும் நடுவே இருப்பவர்களிடம் ஊரறியத் திருமணம் செய்துகொள்ளச் சொல்வது அவர்கள் உயிரையே பணயம் வைப்பதாகும், அதனால் பகிரங்கமாக நடக்க வேண்டும் என்று 7-ஏ கேட்கவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். வழக்கறிஞர்கள் தொழில்முறையாக இதை நடத்தி வைக்கக் கூடாது, ஆனால் நண்பராக, உறவினராக, சமூகச் செயல்பாட்டாளராகச் சாட்சி நிற்கலாம் என்றும் சொன்னது.

ஆக, நம் இணையரின் தாளில் என்ன குறை என்று இப்போது பாருங்கள். முத்திரை சரியில்லை என்பது இரண்டாவது குறை. முதல் குறை, அந்தத் தாள் எந்த நிகழ்ச்சியைப் பற்றியும் பேசவில்லை. எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் யார் முன்னிலையில் என்ன செய்தார்கள்? ஒன்றுமில்லை. "வாழச் சம்மதிக்கிறோம்" என்று இருக்கிறது, அவ்வளவுதான். நண்பர்கள் நான்கு பேர் முன்னிலையில் மாலை மாற்றி, உறுதிமொழி சொல்லி, போட்டோ எடுத்து, அதன் பிறகு "இன்ன தேதியில் இன்ன இடத்தில் இன்னார் முன்னிலையில் இப்படித் திருமணம் செய்துகொண்டோம்" என்று ஓர் அபிடவிட் உறுதி கூறியிருந்தால், அது நடந்த ஒன்றைப் பற்றிய வாக்குமூலமாக ஓரளவுக்காவது பயன்பட்டிருக்கும். அப்போதும் திருமணத்தை உண்டாக்குவது மாலையும் உறுதிமொழியும்தான். முத்திரை அதைப் பற்றிய ஒரு துணைச் சான்று.

இரண்டாவது முறை அப்படித்தான் செய்தோம். தோழர் ஒருவர் வீட்டு மாடி, ஏழெட்டுப் பேர். உறுதிமொழியைத் தமிழில் இருவரும் தாங்களே எழுதிப் படித்தார்கள். பெண்ணின் குரல் நடுங்கியது, நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். போட்டோ, வீடியோ எடுத்தோம். சாட்சிகளின் அடையாள அட்டை நகல்களை வாங்கி வைத்தோம். பிறகு, 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் பதிவுக்கு விண்ணப்பித்தோம். திருமணம் நடந்து 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. இந்தச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் ஒட்டும் முறை கிடையாது. நடந்த திருமணத்தைத்தான் பதிகிறார்கள். இருவரில் ஒருவர் முஸ்லிமாகவோ கிறித்தவராகவோ இருந்தால் 7-ஏ பொருந்தாது. அவர்களுக்குப் பெரும்பாலும் தனிச் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. அங்கே அந்த 30 நாளை எங்கே, எப்படிப் பாதுகாப்பாகக் கழிப்பது என்பதுதான் திட்டமிட வேண்டிய விஷயம். அது வேறு பேச்சு, மதியம் அக்கா பேசுவார்.

இனி முத்திரைக்கு வருகிறேன். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தேன். ஆய்வு மாணவன் புத்தி, தூக்கிப் போட மனம் வரவில்லை. நோட்டரி உண்மையானவர்தானா என்று பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

விதி 12 என்ன சொல்கிறது என்றால், நோட்டரியின் முத்திரை வட்டமாக, 5 சென்டிமீட்டர் விட்டத்தில் இருக்க வேண்டும். அதில் அவர் பெயர், எந்தப் பகுதிக்கு நியமிக்கப்பட்டார், பதிவு எண், "நோட்டரி" என்ற சொல், நியமித்த அரசின் பெயர் இவ்வளவும் இருக்க வேண்டும். ஸ்கேலை எடுத்து அளந்தேன். 4 சென்டிமீட்டர்கூட இல்லை. அது பெரிய குற்றமில்லை, ஸ்டாம்ப் செய்பவர்கள் கையில் இருக்கும் அளவில் செய்து கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் பகுதியின் பெயர் இல்லை. அரசின் பெயரும் இல்லை. இவை இரண்டும் இல்லாவிட்டால் யாரிடம் போய் விசாரிப்பது என்பதே தெரியாது. மத்திய அரசு நியமித்த நோட்டரிகளின் பதிவேடு மத்திய அரசிடம், மாநில அரசு நியமித்தவர்களின் பதிவேடு மாநில அரசிடம் இருக்கிறது. ஆகவே முத்திரையில் முதலில் தேட வேண்டியது பெயரை அல்ல, எந்த அரசு என்பதை.

ஓர் எண் இருந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. நீதிமன்ற வாசலில் பல முத்திரைகளில் ஓர் எண், சாய்கோடு, ஓர் ஆண்டு என்று இருக்கும். அது பெரும்பாலும் பார் கவுன்சில் பதிவு எண். அவர் வழக்கறிஞர் என்பதைக் காட்டுமே தவிர நோட்டரி என்பதைக் காட்டாது. எல்லா நோட்டரிகளும் பெரும்பாலும் வழக்கறிஞர்கள். எல்லா வழக்கறிஞர்களும் நோட்டரிகள் இல்லை. இந்தத் தாளில் இருந்த எண் அப்படி இல்லை, "நோட்டரி பதிவு எண்" என்றே போட்டிருந்தது.

மத்திய அரசு நோட்டரியாக இருந்தால் சட்ட விவகாரத் துறையின் இணையதளத்திலிருந்து தொடங்கலாம். 2024இலிருந்து அவர்களுக்கென notary.gov.in என்ற தளமும் இருக்கிறது. மாநில நோட்டரி என்றால் சட்டத்தின் 6ஆவது பிரிவு உதவும். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில், அந்த ஆண்டின் தொடக்கத்தில் தொழிலில் இருக்கும் நோட்டரிகளின் பட்டியலை அரசிதழில் வெளியிட வேண்டும் என்கிறது அது. அரசிதழைத் தேடிக் கண்களைக் கெடுத்துக்கொள்வதைவிட எளிய வழி ஒன்று உண்டு. தலைமைச் செயலகத்தில் சட்டத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஆர்.டி.ஐ. மனு.

ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். "இவர் நோட்டரியா?" என்று கேட்டால் "ஆம், நியமிக்கப்பட்டார்" என்று பதில் வரும், அதனால் பயனில்லை. நோட்டரியின் தொழில் சான்றிதழ் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். முத்திரை ரப்பரால் ஆனது, அது தானாகக் காலாவதி ஆகாது. அதனால் நான் மூன்று கேள்விகள் கேட்டேன். இந்தப் பெயரும் இந்தப் பதிவு எண்ணும் கொண்ட நோட்டரி உங்கள் பதிவேட்டில் உண்டா? தாளில் இருக்கும் இந்தத் தேதியில் அவரது தொழில் சான்றிதழ் செல்லத்தக்கதாக இருந்ததா? எந்தப் பகுதிக்கு நியமிக்கப்பட்டார்?

27ஆவது நாள் பதில் வந்தது. அப்படி ஒருவர் உண்டு. பக்கத்து வட்டத்துக்கு நியமிக்கப்பட்டவர். சான்றிதழ் இரண்டு ஆண்டுக்கு முன்பே முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை. அதாவது ஆள் போலி இல்லை, முத்திரையும் ஒரு காலத்தில் உண்மையானது. அந்தத் தேதியில், அந்த ஊரில், அதைக் குத்தும் உரிமை மட்டும் இல்லை. சான்றிதழ் இல்லாமல் நோட்டரியாகத் தொழில் செய்யக் கூடாது என்று 9ஆவது பிரிவு சொல்கிறது. நோட்டரி இல்லாதவர் நோட்டரி என்று காட்டிக்கொண்டாலோ, சான்றிதழ் இல்லாமல் தொழில் செய்தாலோ 12ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அவரேதான் குத்தினாரா, அல்லது அவர் முத்திரை யாராவது கடைக்காரர் மேஜை டிராயரில் கிடக்கிறதா என்பது எனக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. நோட்டரி ஒவ்வொருவரும் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். அன்றன்று செய்யும் ஒவ்வொரு வேலையையும் வரிசை எண், தேதி, வந்தவர் பெயர், முகவரி, என்ன ஆவணம், எவ்வளவு கட்டணம் என்று அதில் எழுத வேண்டும். வந்தவர் அதிலும் கையெழுத்துப் போட வேண்டும். கட்டணத்துக்கு ரசீது தர வேண்டும். மாவட்ட நீதிபதி கேட்டால் பதிவேட்டைக் காட்ட வேண்டும். ஆகவே நீங்கள் ஓர் ஆவணத்துக்குச் சான்று வாங்கப் போகும்போது, இரண்டாவதாக ஒரு பெரிய நோட்டில் உங்களிடம் கையெழுத்துக் கேட்கவில்லை என்றால், உங்கள் தாளுக்கு வேரில்லை என்று பொருள். நாளைக்கு யாராவது "இந்தக் கையெழுத்து என்னுடையது இல்லை" என்று சொன்னால் எடுத்துக் காட்டப் பதிவேட்டில் ஒரு வரி இருக்காது. எங்கள் இணையர் எந்த நோட்டிலும் கையெழுத்துப் போடவில்லை. தாளில் வரிசை எண்ணும் இல்லை. நான் பிஎச்.டி. சேர்ந்தபோதும் போடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தோழர் இடைவேளையில் கேட்டார், "அப்புறம் புகார் கொடுத்தீர்களா?" கொடுக்கவில்லை. 12ஆவது பிரிவு குற்றத்துக்கு நாம் நேரடியாக நீதிமன்றம் போக முடியாது. அரசு அதிகாரம் அளித்த அலுவலர் எழுத்துமூலம் முறையிட்டால்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். நாம் செய்யக்கூடியது நியமித்த அரசிடம் புகார் கொடுப்பது. அவர்கள் விசாரித்துப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம். அதற்குப் புகார்தாரர் பெயர், முகவரி வேண்டும், விசாரணைக்கு வர வேண்டும், நகல் எதிர்த்தரப்புக்குப் போகும். அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "அண்ணா, என் அட்ரஸ் இன்னொரு பேப்பர்ல வர வேண்டாம்" என்றாள். ஆர்.டி.ஐ. மனுவைக்கூட என் பெயரில்தான் போட்டிருந்தேன்.

இடைத்தரகர் இன்னும் அதே இடத்தில் இருக்கிறார். ஆறு மாதம் முன்பு அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். கடை வாசலில் ஓர் இணையர் உட்கார்ந்திருந்தார்கள், பையன் கையில் தாளை உருட்டிப் பிடித்திருந்தான். பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். நல்லவேளை, அது வாடகை ஒப்பந்தம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தோழர்களே. சட்டக் கேள்வி என்றால் அக்காவிடம், அலைச்சல் கேள்வி என்றால் என்னிடம்.